ஆதாயப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

கேள்வி: 2015 நவம்பரில் 45 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2025 ஆகஸ்டில் 85 லட்சத்துக்கு விற்றேன். தம்பி காட்டிய பில்டரிடம் ஒரு ஃபிளாட்டுக்காக 12 லட்சம் கொடுத்தேன். அவர் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறார்; தம்பியும் பேசுவதில்லை. மீதிப் பணம் வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டாக இருக்கிறது. வரிவிலக்குக்காகப் பாண்டாவது வாங்கலாமா? இப்போது ஜூன் 2026 ஆகிவிட்டது.

பதில்: பில்டரின் தாமதத்துக்குத் தனி வழக்கு உண்டு, தம்பியின் மௌனத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. வரித்துறை கேட்கப்போவது, ஆதாயப் பணம் ரிட்டர்னுக்கான கெடு தேதியான ஜூலை 31 அன்று எங்கே இருந்தது என்பதை மட்டுமே.

பாண்டு வாங்கும் வாய்ப்பு முடிந்துவிட்டது. பிரிவு 54இசி பாண்டுகளை விற்ற தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும்; உங்களுக்கு அது பிப்ரவரியிலேயே கடந்துவிட்டது.

எஞ்சியிருப்பது, ஆதாயத்தை வேறு வீட்டில் போட்டால் விலக்கு தரும் பிரிவு 54. வீடு வாங்க விற்பனையிலிருந்து இரண்டு ஆண்டு, கட்ட மூன்று ஆண்டு அவகாசம் என்பதைப் பலரும் அறிவார்கள். ஆனால் இதுவரை வீட்டுக்குச் செலவாகாத ஆதாயத்தை ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கு முன்பே, எப்படியும் கெடு தேதியைத் தாண்டாமல், வங்கியில் இதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் போட வேண்டும் என்பதில்தான் என்னிடம் வந்தவர்களில் பலர் வழுக்கியிருக்கிறார்கள். சாதாரண ஃபிக்சட் டெபாசிட் எத்தனை பத்திரமாக இருந்தாலும் அந்தக் கணக்கு ஆகாது. பிறகு வீடு வாங்கிவிட்டால் விலக்கு தரலாம் என்று சில தீர்ப்புகள் சொல்லியிருந்தாலும், அதற்கு மாறான தீர்ப்புகளும் உள்ளதால் அவற்றை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

மொத்த விலையையும் போட வேண்டியதில்லை. ஆதாயம் 40 லட்சம். பில்டருக்குக் கொடுத்த 12 லட்சத்துக்கு ரசீதும் ஒப்பந்தமும் இருந்தால் மீதி 28 லட்சத்தைப் போட்டால் போதும். ஒப்பந்தம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஆனால் அந்தப் பணம் பிறகு எளிதில் கைக்கு வராது. எடுத்த தொகையை 60 நாளுக்குள் வீட்டுக்கே செலவிட வேண்டும், கணக்கை மூட வரி அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், மூன்றாண்டு முடிவில் மிஞ்சியதற்கு அந்த ஆண்டில் வரி விழும்.

ஆகவே பில்டர் தருவார் என்ற நம்பிக்கை உங்களுக்கே இல்லையென்றால், வரியைக் கட்டி முடித்துவிடச் சொல்வேன். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், இந்தியாவில் வசிப்பவருக்கு 12.5 சதவீதம், பணவீக்கக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம் என்ற இரண்டில் குறைவானது பொருந்தும். குறியீட்டின்படி வாங்கிய விலை சுமார் 66.6 லட்சமாக உயர்வதால், வரி செஸ்ஸுடன் சுமார் 3.8 லட்சம்தான், முன்வரி கட்டாததற்கான வட்டி தனி. அந்தத் தொகையை மிச்சப்படுத்த, தள்ளாடும் ஒரு பில்டரை நம்பி மேலும் 28 லட்சத்தைக் கட்டிப்போடுவது லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விற்பனையை மறைத்து ரிட்டர்ன் போடும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பத்திரப்பதிவு அலுவலகம் அதை ஏற்கெனவே வரித்துறைக்குத் தெரிவித்திருக்கும்.