எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஏழு கிழமையும் மனதில் நிற்க ஒரு பாட்டு

கேள்வி: எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு வாரத்தின் ஏழு நாள்களையும் மனப்பாடம் செய்ய வைக்க, கை கால் அசைத்துப் பாடுகிற மாதிரி ஒரு சின்னப் பாட்டு எழுத வேண்டும். எப்படி எழுதுவது? தயாராகப் பாட்டு இருந்தாலும் சரி.

நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த மிஸ் என்று நினைக்கிறேன். அடுத்த வாரமே பெரிய மிஸ் வந்து வகுப்பைப் பார்ப்பதாகச் சொல்லியிருப்பார்கள், அதற்குள் ஒரு பாட்டு வேண்டும். சரிதானே? நான் பல வருடமாகக் கும்பகோணம் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளியில் இருக்கிறேன். கவிஞரெல்லாம் இல்லை. யாப்பு தெரிந்தவர்கள் வந்து தளை தட்டுகிறது என்று சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன். நாலு வயதுப் பிள்ளைக்கு நாக்கு தட்டாமல் இருந்தால் எனக்குப் போதும்.

முதலில், எது வேலைக்கு ஆகாது என்று சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கு வந்த ரைம்ஸ் புத்தகத்தில் கிழமைப் பாட்டு ஒன்று இருந்தது. கிழமைக்கு ஒரு பலகாரம். திங்கட்கிழமை இட்லி, செவ்வாய்க்கிழமை தோசை, புதன்கிழமை பூரி என்று ஏழு வரி. படிக்க நன்றாகத்தான் இருக்கும். பிள்ளைகளும் குதித்துக் குதித்துப் பாடினார்கள். ஆனால் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டால் தெரியும்: "ம்ம்ம் கிழமை தோசை, ம்ம்ம் கிழமை பூரி!" பலகாரத்தை மட்டும் கத்துவார்கள், கிழமைப் பெயர் வரும் இடத்தில் முனகுவார்கள். ஒரு பாட்டில் எந்தச் சொல்லைப் பிள்ளை முனகுகிறதோ அந்தச் சொல் அதற்குப் பாடமாகவில்லை என்று அர்த்தம். போதாததற்கு ஒரு பையன் எழுந்து, "மிஸ், இன்னைக்கு செவ்வாக்கிழமை, எங்க வீட்டுல உப்புமாதான்" என்று அழ ஆரம்பித்துவிட்டான்.

கோளாறு எங்கே என்றால், செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவில் ஒரு முழு வரி கிடக்கிறது. பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டியது செவ்வாய்க்கு அடுத்தது புதன் என்ற வரிசையை. நாம் சொல்லித் தருவதோ செவ்வாய்க்கு அடுத்தது தோசை. ஆகவே பெயர்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், நடுவில் எதுவும் கூடாது. இது ஒன்றும் நான் கண்டுபிடித்ததில்லை. திருஞானசம்பந்தரின் கோளறு பதிகத்தில் முதல் பாட்டிலேயே ஞாயிறு முதல் சனி வரை கோள்களின் பெயர்கள் இதே வரிசையில் இடைவெளி இல்லாமல் வருகின்றன. அதைத் தினமும் சொல்லும் பாட்டி இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு நாம் புதிதாகச் சொல்லித்தர அதிகம் இருக்காது.

அடுத்தது தாளம். ஏழு பெயர், தாளமோ நாலு நாலாகத்தான் பிள்ளைகளுக்கு வரும். நாலும் மூன்றும் ஏழு, ஒரு தட்டு மிச்சம். அந்த எட்டாவது தட்டில் சொல்லே வேண்டாம், கையைத் தட்டினால் போதும். நான் எழுதிய பாட்டு இது:

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன்,
வியாழன், வெள்ளி, சனி – (கைதட்டல்)
ஏழு நாளும் முடிஞ்சாச்சு,
எழுந்து நின்னா ஞாயிறாச்சு!

இவ்வளவுதான். "இதுவா பாட்டு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். "முடிஞ்சாச்சு, நின்னா என்று பேச்சு வழக்கைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரலாமா?" என்றும் ஒருவர் வருவார். கிழமைப் பெயர்களை எழுத்து வழக்கில்தான் வைத்திருக்கிறேன், ஐயா. மற்றது பிள்ளை வீட்டில் பேசுகிற தமிழ், வாயில் சிக்காது.

இப்போது அசைவு. இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். திங்களுக்குச் சுற்று, செவ்வாய்க்குக் குதி, புதனுக்குப் பற என்று தோன்றியதையெல்லாம் வைத்துவிடுவார்கள். ஒரு பிள்ளை ஒரு சுற்று சுற்றி முடிக்க நாலு தட்டு ஆகும். அதற்குள் பாட்டு வெள்ளிக்குப் போயிருக்கும். பாதிப் பேர் சுவரைப் பார்த்து நிற்பார்கள். அதைவிட முக்கியம், சுற்றுவதற்கு அடுத்தது ஏன் குதிக்க வேண்டும் என்பதற்குக் காரணமே இல்லை. ஏழு பெயரோடு ஏழு அசைவின் வரிசையையும் பிள்ளை தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

நான் உடம்பிலேயே வரிசையை வைத்தேன். தலையிலிருந்து கீழே இறங்க வேண்டியதுதான்.

ஞாயிறு என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் வட்டமாகக் கோர்ப்பது, சூரியன். திங்களுக்கு இரண்டு உள்ளங்கையும் இரண்டு கன்னத்தில், நிலா முகம். செவ்வாய்க்கு வாயைத் தொடுவது, காரணத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். புதனுக்கு இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே புத்தகம் போல விரிப்பது. வியாழனுக்கு வயிற்றைத் தடவுவது. வெள்ளிக்கு இடுப்பில் கை. எங்கள் ஊரில் வெள்ளி அரைஞாண் கட்டாத பிள்ளை குறைவு, அதனால் எதற்கு இடுப்பு என்று யாரும் கேட்டதில்லை. சனிக்குக் குனி: குனிந்து முட்டியைத் தொட வேண்டும். குனிந்தபடியே ஒரு கைதட்டல். பிறகு "ஏழு நாளும் முடிஞ்சாச்சு" முழுக்கக் குனிந்தே இருந்து, "எழுந்து நின்னா" என்னும்போது நிமிர்ந்து, "ஞாயிறாச்சு" என்று கையைத் தலைக்கு மேல் கொண்டுபோனால் பாட்டு மறுபடி அங்கிருந்தே தொடங்கும். சனிக்கு அடுத்தது ஞாயிறு என்பது இப்படித்தான் மனதில் படியும். இல்லாவிட்டால் சனியோடு உலகம் முடிந்துவிட்டதாகப் பிள்ளை நினைக்கும்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் ஒரு சாண் தூரம்தான், ஒரு தட்டுக்குள் கை போய்விடும். எல்லா அசைவும் இரண்டு கையாலும் செய்வது, ஆகவே நீங்கள் எதிரே நிற்கும்போது வலது எது இடது எது என்ற குழப்பமே வராது. வாயை மட்டும் ஒரு கையால் தொட்டால் தொடட்டும், விட்டுவிடுங்கள்.

எங்கே சறுக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். புதனுக்கும் வியாழனுக்கும் நடுவில். முதல் வரி அங்கே முடிகிறது, பிள்ளை மூச்சு வாங்க நிற்கும். நின்றதும் அடுத்த வரியின் தொடக்கம் மறந்து, வெள்ளிக்குத் தாவிவிடும். வியாழனும் வெள்ளியும் ஒரே வகரத்தில் தொடங்குவது வேறு சேர்ந்துகொள்ளும். இதற்கு மருந்து, முதல் வரியைத் தனியாகச் சொல்லித்தரும்போது ஒருநாளும் புதனில் நிறுத்தாதீர்கள். "ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன்!" என்று வயிற்றைத் தடவிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். வரி ஒட்டிக்கொள்ளும். அது பழகிய பிறகு புதனிலிருந்து தொடங்கி சனி வரை தனியாகப் பாட விடுங்கள். எப்போதும் ஞாயிறிலிருந்தே தொடங்கினால் முதல் மூன்று கணீரென்று கேட்கும், பின்பாதி தேய்ந்துபோகும்.

புதனும் சனியும் குறுகிய சொற்கள். வேகமாகப் பாடினால் "செவ்வாபுதன்" என்று ஒட்டிக்கொள்ளும். புதனுக்குப் புத்தகத்தை விரிக்கும்போது ஒரு நொடி நிறுத்தினால் தனியாகப் பிரியும். வியாழனில் ழகரம் சில பிள்ளைகளுக்கு இந்த வயதில் வராது. "வியாயன்" என்றாலும் சரி என்று போங்கள். பாட்டை நிறுத்தி நாக்கைத் திருத்தினால் தாளமும் போகும், பிள்ளையின் உற்சாகமும் போகும்.

கிழமை என்ற சொல்லை ஏன் சேர்க்கவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை, வியாழக்கிழமை என்று பெயரே உருமாறுகிறது, நீளமும் இரட்டிப்பாகிறது. எட்டுத் தட்டில் அடங்காது. பெயர்கள் பாடமான பிறகு தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கும்போது, "இன்னைக்கு என்ன கிழமை? புதன்கிழமை" என்று சேர்த்துச் சொன்னால் தானாக வந்துவிடும். வீட்டில் கேட்பதும் அதைத்தானே.

திங்களிலிருந்து தொடங்கலாமே, பள்ளி திறப்பது அன்றுதானே என்று உங்கள் பெரிய மிஸ் கேட்கலாம். தொடங்கலாம். ஆனால் சூரியனைத் தலையில் வைப்பதுபோல அது பொருந்தாது. வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரும் ஞாயிறில்தான் தொடங்குகிறது.

பாடமாகிவிட்டதா என்று பார்க்கப் பாடச் சொல்லாதீர்கள், பாட்டு எப்போதும் பாடமாகிவிட்டது போலத்தான் தோன்றும். நீங்கள் வாய் திறக்காமல் இடுப்பில் கை வையுங்கள். "வெள்ளி" என்று வர வேண்டும். பிறகு "புதனுக்கு அடுத்தது என்ன?" என்று கேளுங்கள். தெரிந்த பிள்ளையின் கை நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கும், அப்புறம்தான் வாய் பேசும். ஞாயிறிலிருந்து பாடிக்கொண்டே வந்து பதில் சொல்கிற பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அதில் தப்பில்லை. ஆனால் நேற்று, நாளை என்பதெல்லாம் இந்தப் பாட்டால் வராது. போன தீபாவளியையும் "நேத்து" என்று சொல்கிற வயது அது.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர் ஒருவர், "உனக்கென்னம்மா, பாட்டுப் பாடி, கை தட்டிச் சம்பளம் வாங்குற" என்றார். பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். முப்பது பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, ஒருவனுக்கு மூக்கைச் சிந்திவிட்டு, இன்னொருத்தியைப் பாத்ரூமுக்கு அனுப்பிவிட்டு, மிச்சப் பேரைச் சனியில் குனிய வைக்க அவரால் முடியுமா? மேல் வகுப்பு எடுப்பவர்கள் வாங்குவதில் பாதிச் சம்பளம்தான் எங்களுக்கு, அதையும் அவர் சொல்லவில்லை. சரி, விடுங்கள்.

பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், என்னைக் கேட்க வேண்டியதில்லை. அரைஞாண் பழக்கம் இல்லாத ஊர் என்றால் வெள்ளிக்கு வேறு காரணம் சொல்லிக்கொள்ளுங்கள், கை மட்டும் இடுப்பிலேயே இருக்கட்டும். செல்போனில் மெட்டுப் போட்டு அதன் பின்னால் ஓட வேண்டாம். மெதுவாக நடக்கிற வேகத்தில், உங்கள் குரலில் பாடுங்கள். கடைசி வரிசையில் இருக்கிற பிள்ளையின் கை முட்டிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எட்டாவது தட்டு.