பாண்டு போர்ட்ஃபோலியோ: சராசரி சொல்லும் வருமானமும் ஒய்டிஎம் சொல்லும் வருமானமும்

இரண்டு பாண்டுகளில் தலா ஒரு லட்சம் போட்டிருக்கிறேன். ஒன்று ஓராண்டு; முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் ஆண்டு வருமானம், அதாவது ஒய்டிஎம், 5%. மற்றது நடுவில் வட்டி தராத பத்தாண்டு ஜீரோ கூப்பன், 8%. சராசரி 6.5% தானே? எக்செல் 7.73% என்கிறதே?

எக்செல் சரிதான். முதல் பாண்டு ஓராண்டு முடிவில் 1,05,000 ரூபாய் தரும். இரண்டாவது பத்தாம் ஆண்டில் சுமார் 2,15,892 ரூபாய் தரும். இந்த இரண்டு வரவுகளையும் ஒரே வட்டி விகிதத்தில் தள்ளுபடி செய்து, இன்றைய மதிப்பு சரியாக 2 லட்சம் வர வேண்டும். 6.5% போட்டால் மதிப்பு 2 லட்சத்தைத் தாண்டிவிடும். 7.73% போட்டால்தான் கணக்கு நேராகும். அதுதான் மொத்த போர்ட்ஃபோலியோவின் ஒய்டிஎம்.

காரணம் காலம். 5% பணம் ஓராண்டு உழைத்துவிட்டு வெளியேறிவிடுகிறது. 8% பணம் பத்தாண்டு உழைக்கிறது. நீங்கள் எடுத்த சராசரியோ இரண்டுக்கும் சம எடை தருகிறது. முதலீட்டோடு, பணம் திரும்பிவர ஆகும் சராசரிக் காலமான டியூரேஷனையும் பெருக்கி எடை போட்டுப் பாருங்கள்: 5-க்கு 1 பங்கு, 8-க்கு 10 பங்கு. 85-ஐ 11-ஆல் வகுத்தால் 7.73. எப்போதும் இவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போகாது, ஆனால் நல்ல தோராயம்.

அப்படியானால் ஒய்டிஎம் எப்போதும் சராசரியைவிட அதிகமாகத்தான் இருக்குமா?

இல்லை. மேலே சொன்ன விகிதங்களை இடம் மாற்றுங்கள்: ஓராண்டுக்கு 8%, பத்தாண்டுக்கு 5%. சராசரி அதே 6.5%, ஒய்டிஎம் சுமார் 5.28% தான். நீண்ட பாண்டு எந்தப் பக்கமோ, விடையும் அந்தப் பக்கம் சாயும்.

அதே கணக்கை மறுபடி எக்செல்லில் போட்டால் 33% வருகிறது!

நடுவில் உள்ள ஆண்டுகளைக் காலியாக விட்டிருப்பீர்கள். `IRR` காலிக் கட்டங்களைக் கணக்கில் எடுக்காது; பத்தாம் ஆண்டுப் பணம் இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். இரண்டு முதல் ஒன்பதாம் ஆண்டு வரை எட்டுக் கட்டங்களிலும் 0 போடுங்கள்.

சரி, 7.73% என் கைக்கு வருமா?

முதலாண்டில் வராது. பாண்டுகளின் ஒய்டிஎம் மாறாமல் இருந்தால் அந்த ஆண்டு கிடைப்பது 5,000 + 8,000 = 13,000 ரூபாய், அதாவது 6.5%. ஆக, அந்தச் சராசரியும் வீண் எண் அல்ல. இப்போதைய வருமான ஓட்டத்தை அதுதான் சரியாகச் சொல்கிறது.

பத்தாண்டுக்கும் 7.73% கிடைக்க வேண்டுமானால், முதலாண்டில் திரும்பிய 1,05,000 ரூபாயை மீதி ஒன்பது ஆண்டுக்கும் அதே 7.73%-இல் போட வேண்டும். ஆண்டுதோறும் 5%-க்கே புதுப்பித்தால் முடிவில் மொத்தம் சுமார் 3,78,800 ரூபாய், ஆண்டுக்கு 6.59% தான்.

கடன் ஃபண்டுகளின் ஃபேக்ட்ஷீட்டில் இருப்பது எது?

பொதுவாகச் சந்தை மதிப்பால் எடையிட்ட சராசரிதான். ஃபண்டின் செலவு விகிதம் அதில் கழிக்கப்பட்டிருக்காது, அதை நீங்கள்தான் கழித்துப் பார்க்க வேண்டும். குறுகிய பாண்டுகளும் மிக நீண்ட பாண்டுகளும் கலந்த ஃபண்டில் இந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க நான் சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே இருக்கும் மெக்காலே டியூரேஷனையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாப் பாண்டுகளும் ஏறக்குறைய ஒரே ஆண்டில் முதிரும் டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்டில் இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் மிகச் சிறிதுதான்.