தேரோட்ட வீடியோவும் எழுத்துக் கருவியும்: வாசகர் கேள்விகள்

ஆனித் தேரோட்டத்தை 40 நிமிடம் எடுத்தேன். ஏஐ சாட்டில் அதை ஏற்றி, ஒன்றரை நிமிடமாகச் சுருக்கச் சொன்னால் திறக்க முடியாது என்கிறது. ஏன்?
- பாளையங்கோட்டை வாசகர்

எம்பி4 கோப்புக்குள் படமும் ஒலியும் தனித்தனியாகச் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை விரித்துப் படமாக்க டீகோடர் வேண்டும். வெட்டிய பிறகு மறுபடி கோப்பாக எழுத ஒரு மென்பொருள் ஓட வேண்டும். எழுத்தை வாங்கி எழுத்தைத் தருகிற கருவியில் இரண்டும் இல்லை. கோப்பின் பெயரை .txt என்று மாற்றினாலும் உள்ளே இருப்பது படிக்க முடியாத குப்பையாகத்தான் வரும். வீடியோ பார்க்கும் கருவிகளும் இருக்கின்றன, ஆனால் நீங்கள் சொல்வது அந்த வகை இல்லை.

பார்க்காமலே எதை வெட்டுவது என்று எப்படிச் சொல்லும்?
- அம்பாசமுத்திரம் வாசகி

பார்ப்பது உங்கள் வேலை. ஒருமுறை ஓடவிட்டு, நேரத்தோடு குறிப்பு எழுதுங்கள். மேலே கேட்டவரின் தேருக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: 02:10 முதல் வடம் பிடித்தல், கூட்டத்தின் முழக்கம் நன்றாக இருக்கிறது, 11:40 முதல் வாகையடி முக்கில் தேர் திரும்புகிறது, சக்கரத்துக்குக் கட்டை போடுவது தெளிவு, 20:00 முதல் கேமரா ஆட்டம், 31:05 முதல் தேர் நிலைக்கு வருகிறது.

இதையும், மொத்தம் 90 நொடி என்பதையும் கொடுத்தால் கருவி கணக்குப் போடும்: வடத்துக்கு 25, திருப்பத்துக்கு 45, நிலைக்கு 20. திருப்பத்துக்கு அதிகம் கொடுப்பது சரி, தேரோட்டத்தின் உயிரே அங்கேதான். எந்த ஒலியை அடுத்த காட்சிக்குள் இழுப்பது, திரையில் என்ன எழுத்து போடுவது என்றும் கேட்கலாம். பேச்சுள்ள வீடியோ என்றால் நேரக் குறியோடு வசன வரிகளைக் கொடுங்கள்.

குறிப்பில் இல்லாத யானையோ மழையோ திட்டத்தில் வந்தால், கருவி ஊகித்திருக்கிறது. அந்த வரியை அடித்துவிடுங்கள்.

"வெட்டிவிட்டேன், இதோ லிங்க்" என்று கருவி சொன்னது. லிங்க் திறக்கவில்லை.
- வள்ளியூர் வாசகர்

கோப்பே உருவாகவில்லை. எழுதும் கருவி, வேலை முடிந்ததாகவும் எழுதிவிடும். லிங்க் கேட்காமல் கட்டளையைக் கேளுங்கள். வெட்டுவதை உங்கள் கணினியில் நிறுவிய ffmpeg என்ற இலவச வீடியோ மென்பொருள் செய்யட்டும். தேர் திரும்பும் 45 நொடியை வெட்ட இப்படி வரும்:

```
ffmpeg -ss 00:11:40 -to 00:12:25 -i ther.mp4 -c copy b.mp4
```

அந்தக் கட்டளையில் வெட்டு கொஞ்சம் முன்னாலேயே தொடங்குகிறதே?
- திசையன்விளை வாசகர்

`-c copy` படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே நகல் எடுக்கிறது. வேகம் அதிகம், தரமும் குறையாது. ஆனால் முழுப்படமாகச் சேமிக்கப்பட்ட கீஃப்ரேமில் இருந்துதான் அதனால் தொடங்க முடியும். சில பிளேயரில் முதலில் படம் உறைந்தும் நிற்கும். சொன்ன நொடியிலேயே தொடங்க வேண்டுமானால் மறுபடி சுருக்க வேண்டும். நேரம் பிடிக்கும், தரம் இம்மியளவு குறையும்:

```
ffmpeg -ss 00:11:40 -to 00:12:25 -i ther.mp4 -c:v libx264 -crf 18 -c:a aac b.mp4
```

மூன்று துண்டுகளையும் இதே முறையில் வெட்டினால், பின்னால் ஒட்டும்போது சிக்கல் வராது.