ஈசிஜி நார்மல், ஆனாலும் அந்தப் படபடப்பைச் சும்மா விடாதீர்கள்

"வயது 46, ஈரோடு. வாரம் முழுக்கத் தொடமாட்டேன், சனிக்கிழமை மட்டும் ஒரு குவார்ட்டர், விசேஷம் என்றால் கொஞ்சம் கூடும். பிரஷருக்கு அம்லோடிபின் 5 சாப்பிடுகிறேன், குடிக்கிற அன்று மட்டும் போடுவதில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு நெஞ்சு தடதடவென்று அடித்து எழுப்பிவிட்டது, மதியம் வரை நிற்கவில்லை. மனைவி ஒற்றைத் தலைவலிக்குச் சாப்பிடும் ப்ரொப்ரனலால் ஒன்று போட்டுக்கொண்டேன். அடுத்த நாள் எடுத்த ஈசிஜி நார்மல். இடது கை விரல் மரத்துப்போகிறது, ஏப்பம் வருகிறது, நெட்டில் தேடினால் எல்லாமே ஹார்ட் அட்டாக் என்கிறது. நண்பர் ஒருவர், பிராந்தியை விட்டுவிட்டு தினம் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் குடி, இதயத்துக்கு நல்லது என்கிறார். தூக்கத்திலேயே எனக்கு ஏதாவது ஆகிவிடுமா டாக்டர்?"

விரலையும் ஏப்பத்தையும் முதலில் ஓரமாக வையுங்கள். கையை மடக்கிப் படுத்தாலும் விரல் மரக்கும், கழுத்து எலும்பு தேய்ந்தாலும் மரக்கும். ஏப்பம் உங்கள் சனிக்கிழமை வயிற்றின் புகார். நடந்தால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் விடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் இந்தப் பதிலே வேறாக இருந்திருக்கும். இருப்பதையெல்லாம் சேர்த்துத் தேடுகிற பெட்டியில் போட்டால் அது ஹார்ட் அட்டாக் என்றுதான் சொல்லும், ஏப்பத்தை மட்டும் போட்டாலும் அதையேதான் சொல்லும்.

எனக்கு உறுத்துவது அந்த எட்டு மணி நேரத் தடதடப்பு. நீங்கள் பயப்படுவது ஹார்ட் அட்டாக்குக்கு, நான் பயப்படுவது பக்கவாதத்துக்கு.

ஈசிஜி என்பது சுமார் பத்து விநாடி இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் காகிதம், அவ்வளவுதான். படபடப்பு நின்று ஒரு நாள் கழித்து அதை எடுப்பது, திருடன் போன பிறகு வாசலைப் போட்டோ எடுத்துவிட்டு "யாரும் இல்லையே" என்று சொல்வது மாதிரி. நார்மல் என்று வந்ததில் தப்பில்லை, அந்த நேரத்தில் நார்மலாகத்தான் இருந்திருக்கும். விடியற்காலை 4 மணிக்கு என்ன நடந்தது என்பதற்கு அதில் பதில் கிடையாது.

நிறையக் குடித்த ராத்திரிக்கு மறுநாள், திடீரென ஆரம்பித்து மணிக்கணக்கில் நீடித்துத் தானாக நிற்கிற படபடப்பு என்றால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும், கீழறைகள் தாளம் தப்பி ஓடும். 1978ல் அமெரிக்காவில் எட்டிங்கர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், வார இறுதியும் பண்டிகையும் முடிந்த கையோடு இப்படி வந்து சேர்ந்த குடிப்பழக்கக்காரர்களைக் கவனித்து இதற்கு "ஹாலிடே ஹார்ட்" என்று பெயர் வைத்தார்கள். பெயர் என்னவோ சுற்றுலா மாதிரி இருக்கிறது. ஆல்கஹால் மேலறைத் தசையின் மின்னோட்டத்தைக் கலைத்துவிடுகிறது, நாடியைக் கூட்டுகிறது, சிறுநீராகத் தண்ணீரையும் உப்புகளையும் வெளியேற்றுகிறது, தூக்கத்தில் தொண்டையைத் தளர்த்திக் குறட்டையை மோசமாக்கி மூச்சை விட்டுவிட்டு நிறுத்துகிறது. இத்தனையும் கூடிவரும் நேரம் பெரும்பாலும் பின்னிரவு.

மேலறை நடுங்கிக்கொண்டே இருந்தால், அதன் இடது பக்கத்தில் காது மடல் போல ஒட்டியிருக்கும் சின்னப் பையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தத் தாளக்கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. பிரஷரும் சேர்ந்திருந்தால் இன்னும் கூடும், உங்களுக்குச் சேர்ந்திருக்கிறது.

ஆகவே அடுத்த தடவை தடதடத்தால் மருந்து டப்பாவைத் திறக்காதீர்கள், நாடியைப் பிடியுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்து ஒரு முழு நிமிடம். வேகமாக இருந்தாலும் கடிகாரம் போல சீராக ஓடினால் அது பெரும்பாலும் வேறு விஷயம். இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, ஒன்று விட்டுப்போய், மறுபடி மூன்று வேகமாக என்று எந்தக் கணக்குக்கும் அடங்காமல் ஓடினால் அதுதான் நான் சொல்லும் அறிகுறி. சீரோ, சீரில்லையோ, அடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியோ அங்கே போய் ஈசிஜி எடுங்கள். எப்போது ஆரம்பித்தது என்ற மணியைக் குறித்துக்கொண்டு போங்கள். அது ரொம்ப முக்கியம். ஒரு நாள், இரண்டு நாள் தாண்டிவிட்டால் உள்ளே கட்டி உருவாகியிருக்கலாம், அப்போது உடனே தாளத்தைச் சரிசெய்யப் போனால் அந்தக் கட்டியே கிளம்பிவிடும். முதலில் ரத்தம் உறையாமல் இருக்க மூன்று வாரம் மாத்திரை கொடுக்கவேண்டி வரும், இல்லையென்றால் உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்துக் கட்டி இல்லை என்று பார்க்கவேண்டி வரும். வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் தொய்வது, மயக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி இதில் ஏதாவது கூட வந்தால் நாடியைக்கூடப் பார்க்கவேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர், 51 வயது. மூன்று தடவை ஞாயிற்றுக்கிழமை இப்படி வந்திருக்கிறது, மூன்று தடவையும் திங்கட்கிழமை சாவகாசமாக ஈசிஜி எடுத்து நார்மல் என்று பையில் வைத்திருக்கிறார். நான்காவது தடவை மகள் விடவில்லை, அடித்துக்கொண்டிருக்கும்போதே இழுத்து வந்துவிட்டாள். நாடி 140, தாளமே இல்லை, பிரஷர் 164/100. ஈசிஜியில் மேலறைத் துடிப்பின் அடையாளமே காணோம். தைராய்டு, எக்கோ, பொட்டாசியம் எல்லாம் சரி. வேகத்தைக் குறைக்க மருந்து கொடுத்தோம், அன்று ராத்திரியே தாளம் தானாகத் திரும்பிவிட்டது. அதற்கப்புறம் அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று, மூன்று மாதம் சுத்தமாக நிறுத்துங்கள், பிறகு பேசலாம். நிறுத்தினார். அந்த மூன்று மாதத்தில் படபடப்பு வரவில்லை, அதே மாத்திரையிலேயே பிரஷர் 136/84க்கு வந்தது. ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் இந்தக் கோளாறு உள்ள 140 குடிப்பழக்கக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நிறுத்தச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள், 2020ல் வெளியானது. ஆறு மாதத்தில் வழக்கம்போலக் குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, நிறுத்தச் சொன்னவர்களில் 53 சதவீதம். மந்திரம் இல்லை, ஆனால் செலவில்லாத வைத்தியம்.

"வாரத்துக்கு ஒரு குவார்ட்டர்தானே" என்பதையும் பார்ப்போம். 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். வெளிநாட்டு ஆராய்ச்சிகளில் "ஒரு டிரிங்க்" என்று எண்ணுவது பெரும்பாலும் 10லிருந்து 14 கிராம். நீங்கள் ஒன்று என்று எண்ணுவது அவர்கள் கணக்கில் ஐந்து. வாரம் முழுக்கத் தொடாமல் இருந்து ஒரே ராத்திரியில் ஐந்தாறை இறக்குவதைத்தான் இந்தத் தாளக்கோளாறு விரும்புகிறது.

அப்புறம் அந்த மாத்திரை விஷயம். இதைக் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டது. மாத்திரையும் சரக்கும் சேரக்கூடாது என்று யாரோ சொல்ல, சரக்கை விடாமல் மாத்திரையை விடுகிறீர்கள். அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சனிக்கிழமை போடாவிட்டாலும் வெள்ளிக்கிழமை மாத்திரை உள்ளே இருக்கத்தான் செய்கிறது, ஆக நீங்கள் எதையும் தவிர்க்கவில்லை, தினசரி ஒழுங்கைத்தான் கெடுக்கிறீர்கள். இன்னொன்று, 30 கிராமுக்கு மேல் ஆல்கஹால் போனால் முதல் 12 மணி நேரம் வரை பிரஷர் கொஞ்சம் இறங்கும், சுமார் 13 மணி நேரத்துக்குப் பிறகு வழக்கத்தைவிட ஏறும், நாடி மட்டும் ஆரம்பத்திலிருந்தே வேகமாக ஓடும். சனி ராத்திரி மெஷினில் 126 பார்த்து "குடித்தால் பிரஷர் குறைகிறது" என்று சந்தோஷப்படுகிறவர்கள் ஞாயிறு மத்தியானம் பார்ப்பதில்லை. குடித்த அன்றைக்கு எழுந்தால் தலை சுற்றலாம், அதனால் மெதுவாக எழுங்கள், மாத்திரையை விடாதீர்கள்.

ரெட் ஒயின். 1991ல் அமெரிக்க டிவி நிகழ்ச்சி ஒன்று, பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் கொழுப்பும் தின்றும் மாரடைப்பு குறைவாக வருவதற்கு ஒயின் காரணமாக இருக்கலாம் என்று சொன்னது, அதிலிருந்து கிளம்பிய கதை. கொஞ்சமாகக் குடிக்கிறவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட மாரடைப்பு குறைவு என்று பல கணக்கெடுப்புகள் காட்டியதும் உண்மை. ஆனால் யார் அந்தக் குடிக்காதவர்கள்? ஈரல் கெட்டுக் குடியை விட்டவர், டாக்டர் திட்டி நிறுத்தியவர், ஏற்கனவே நோயாளியானவர் எல்லாம் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று 1988லேயே பிரிட்டனில் ஷேப்பர் என்பவர் சுட்டிக்காட்டிவிட்டார். நோயாளியோடு ஒப்பிட்டால் யாரும் ஆரோக்கியசாலிதான்.

பிறகு சீனாவில் ஐந்து லட்சம் பேரை வைத்து நடத்திய ஆய்வு, 2019ல் வந்தது. அங்கே நிறையப் பேருக்கு ஆல்கஹால் உள்ளே போனாலே முகம் சிவந்து ஒத்துக்கொள்ளாமல் போகிற மரபணு உண்டு, அதனால் குறைவாகக் குடிப்பார்கள். மனிதர்கள் வாயால் சொன்னதை விட்டுவிட்டு மரபணுவை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, பக்கவாதத்தில் "கொஞ்சம் குடித்தால் நல்லது" என்பதற்கு அடையாளமே இல்லை. குடி கூடக்கூட பிரஷரும் பக்கவாதமும் ஏறின. அதே மரபணு உள்ள, ஆனால் பெரும்பாலும் குடிக்காத பெண்களிடம் அந்த ஏற்றம் இல்லை. ஆக குற்றவாளி மரபணு இல்லை, குடிதான். மாரடைப்பில் மட்டும் தெளிவான நன்மையும் தெரியவில்லை, தெளிவான கெடுதலும் தெரியவில்லை, அதனால்தான் அந்த ஒரு மூலையில் இன்னும் சண்டை நடக்கிறது. நடக்கட்டும். உங்களுக்கு இருப்பது பிரஷரும் தாளக்கோளாறு என்ற சந்தேகமும், அந்த இரண்டுக்கும் ஒயின் நல்லது என்று சண்டை போடுகிறவர்கள்கூடச் சொல்லவில்லை. வாரம் ஒரு நாள் குடிப்பவரைத் தினமும் குடிக்கச் சொல்கிற நண்பரின் கணக்கு எனக்குப் புரியவில்லை.

இந்த வாரமே ஒரு இதய மருத்துவரைப் பாருங்கள், "குடித்தேன், எட்டு மணி நேரம் அடித்தது" என்று இரண்டையும் சொல்லுங்கள், முதல் பாதியை விழுங்காதீர்கள். எக்கோ, தைராய்டு, ஒரு நாளுக்கு மேல் உடம்பில் மாட்டிக்கொண்டு இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் இவற்றைக் கேட்பார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும், நீங்களாக ஆஸ்பிரின் ஆரம்பிக்காதீர்கள், இந்தக் கோளாறில் அது பெரிதாகக் காப்பாற்றாது, சரக்கோடு சேர்ந்து வயிற்றில் ரத்தம்தான் கசியவைக்கும். அதுவரை ஒரு சொட்டும் வேண்டாம். நீங்கள் எழுதியபடி வாரம் ஒரு நாள்தான் என்றால் சட்டென்று நிறுத்தலாம். உண்மையில் தினமும் என்றால், கை நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்பதால் அதையும் அவரிடம் சொல்லிவிட்டே நிறுத்துங்கள். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நிற்கிறதா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள்.

ப்ரொப்ரனலால் பட்டையை மனைவியிடமே கொடுத்துவிடுங்கள். ஆஸ்துமா இருக்கிறவர் போட்டிருந்தால் மூச்சு அடைத்திருக்கக்கூடும், உங்களுக்கு அதிர்ஷ்டம். தலைவலி வராமல் இருக்க அவர் தினமும் டப்பாவைத் திறக்கும்போது ஒன்று குறையக்கூடாது.