ஐம்பதாவது பிறந்தநாளும் ஒரு வாடகை வானும்

அன்புள்ள அக்கா,
வருகிற ஜூலையில் எனக்கு ஐம்பது. மகள் சிங்கப்பூர் என்கிறாள், அவ்வளவு காசில்லை. இவர் ஒரு வான் பிடித்து கண்டி, நுவரெலியா, கதிர்காமம் மூன்று நாளில் சுற்றி வரலாம் என்கிறார். யாழ்ப்பாணமும் யோசனையில் இருக்கு. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். எல்லாருக்கும் ஒரே மாதிரி ரீசேர்ட் அடிக்கலாமா? கொண்டாட்டமாக இருக்கவேணும், களைக்கக்கூடாது, செலவும் கூடக்கூடாது. எங்கே போகலாம்?
— ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புத் தங்கச்சி,

போன கிழமை அலுமாரி துடைக்கும்போது என் ஐம்பதாவது பிறந்தநாள் படம் அகப்பட்டது. கேக் இருக்கிறது, எல்லார் முகத்திலும் சிரிப்பு இருக்கிறது, நான் மட்டும் செத்த வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி நிற்கிறேன். உங்கள் கடிதத்தில் 'வான்' என்று கண்டதும் அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

எங்கள் வானில் பதினொரு பேர். உங்கள் அவர் சொல்லும் அதே சுற்று. விடிய நாலு மணிக்கு எழும்பிப் புளிச்சோறு கட்டியது யார்? பிறந்தநாள்காரிதான். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 80 கிலோமீற்றர்கூட இல்லை. ரம்பொடை வளைவுகளில் மூன்று மணித்தியாலம் போனது. இரண்டு பிள்ளைகள் சத்தி எடுத்தார்கள். தேசிக்காயும் பொலித்தீன் பையுமாகப் பின்சீட்டில் இருந்தவள் நான். இரவு ஒன்பதரைக்கு, நசிந்துபோன கேக்கை வெட்டும்போது பாதிப்பேர் நித்திரை. மூன்றாம் நாள் கதிர்காமத்தில் முருகனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: கெதியாய் வீட்டுக்குக் கொண்டுபோய் விடு.

வான் மலிவு என்பதும் ஆண்பிள்ளைகளின் கணக்கு. ஓடுகிற தூரத்துக்குக் காசு, சாரதிக்குச் சாப்பாடு, அவர் படுக்க இடம். அதைவிட, இரவுக்கு ஓர் ஊர் என்றால் அறைக்காரரோடு விலை பேச வழியே இல்லை. ஒரே இடத்தில் இரண்டு இரவு, அதுவும் செவ்வாயும் புதனும் நிற்கிறோம் என்றால் பேசலாம். போயா ஒட்டிய நீண்ட வார இறுதியில் யாரும் ஒரு ரூபாய் குறைக்கமாட்டார்கள்.

சிங்கப்பூரை மகள் தன் ஐம்பதுக்கு வைத்துக்கொள்ளட்டும். யாழ்ப்பாணம் பயணமல்ல, எந்த மாமி வீட்டில் தேத்தண்ணி குடிக்கவில்லை என்ற வழக்கு. ரீசேர்ட் வேண்டாம், சொல்லிப்போட்டேன்.

காலிக்குப் போங்கள். ஜூலையில் தென்மேல் பருவக்காற்று. அந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும், குளிக்க இறங்கக்கூடாது. அதனால்தான் கடல்குளிப்புக்கு வரும் வெள்ளைக்காரர் நிலாவெளிக்கும் அறுகம்பைக்கும் போய்விடுவார்கள், காலியில் அறை விலை இறங்கும். நீங்கள் கோட்டை மதிலில் நடக்கப்போகிறீர்கள். அலை பெரிதாய் இருந்தால் இன்னும் நல்லது. மழை இடையிடையே வரும், குடையோடு போங்கள்.

ரயிலில் போங்கள். இரண்டரை, மூன்று மணித்தியாலம். வீட்டுக்குக் கிட்ட என்று வெள்ளவத்தையில் நிற்காதீர்கள். விரைவு ரயில்கள் பல அங்கே நிற்காது, நிற்கிறது வந்தாலும் இருக்கை நிரம்பியிருக்கும். மருதானைக்கோ கொழும்புக் கோட்டைக்கோ போய் ஏறுங்கள். காலையில் கந்தோர்க் கூட்டம் கொழும்புக்குள் வரும், நீங்கள் எதிர்ப்பக்கம் போவீர்கள். வலப்பக்க யன்னலைப் பிடியுங்கள். கடல் அந்தப் பக்கம், காலை வெயில் மற்றப் பக்கம். திரும்பி வருவது பின்னேரம் என்றால் கடல் பக்கத்தை விட்டுவிடுங்கள். வெயில் முகத்தில் அடிக்கும். ரயில் படி உயரம், அம்மாவை ஒருவர் மேலிருந்தும் ஒருவர் கீழிருந்தும் பிடியுங்கள்.

அறை கோட்டைக்குள் எடுங்கள், காசு கொஞ்சம் கூடினாலும். அப்போதுதான் அம்மா களைத்தால் பத்து நிமிடத்தில் படுக்கைக்கு வரலாம். மிச்சம் பிடிக்கவேண்டியது சாப்பாட்டில்: மத்தியானச் சோற்றுக்கு வாசலைத் தாண்டி பஸ் நிலையப் பக்கம் நடந்தால் உள்ளேயுள்ள விலை இருக்காது. மதிலில் ஏறுவது காலை ஒன்பதுக்கு முன், பிறகு பின்னேரம் நாலரைக்குப் பின். நடுப்பகலில் கல் கொதிக்கும். கடல் பக்கம் பல இடத்தில் தடுப்பு இல்லை. படம் எடுக்கிறேன் என்று பின்னுக்குப் போகவிடாதீர்கள்.

'ஒல்லாந்தர் கோட்டையில் எங்களுக்கு என்ன?' என்று மகள் கேட்பாள். புறப்படுவதற்கு முதல்நாள் அவளைக் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிப்போங்கள். 1911இல் காலியில் கிடைத்த ஒரு கல் அங்கே இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு. சீனம், பாரசீகம், மூன்றாவது தமிழ். தமிழ்ப் பகுதி தெவிநுவரக் கோயில் தெய்வமான தேனவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைப் பட்டியல் போடுகிறது. காலிக்குப் போய் அதைத் தேடினால் அசல் அகப்படாது. இங்கே பார்த்துவிட்டு அங்கே போனால் அவள் ஊரை வேறு கண்ணால் பார்ப்பாள்.

கேக்கைக் காலியிலேயே வாங்குங்கள், ரயிலில் தூக்கித் திரியாதீர்கள். வழிச் சாப்பாட்டை உங்கள் அவர் கட்டட்டும். விடிய நாலு மணிக்கு நீங்கள் எழும்பிப் புளி கரைத்ததாகக் கேள்விப்பட்டால், திரும்ப எனக்குக் கடிதம் போடவேண்டாம்.

அன்புடன்,
அக்கா