ஈட்டிமரப் பீரோவுக்கும் தேக்குச் சோபாவுக்கும் பொருந்தும் சுவர் நிறம்

கேள்வி: தாத்தா காலத்து ஈட்டிமரப் பீரோவும் தேக்குச் சோபாவும் எங்கள் ஹாலில் இருக்கின்றன. இரண்டையும் மாற்றும் எண்ணம் இல்லை. இப்போது பெயின்ட் அடிக்கப் போகிறோம். வெள்ளை அடித்தால் சாமான்கள் கறுப்பாகத் தெரிகின்றன, க்ரீம் அடித்தால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. எந்த நிறம் பொருந்தும்?

பெயின்ட் கடைக்குப் போவதற்கு முன் ஹாலில் எரியும் விளக்கை மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. இதே இரண்டு மரங்களை வைத்துக்கொண்டு ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை சுவருக்கு நிறம் மாற்றியவன் நான். முதல் இரண்டு முறையும் தவறுக்குக் காரணம் பெயின்ட் என்றே நினைத்திருந்தேன்.

ஈட்டியும் தேக்கும் 'அடர் நிற மரம்' என்ற ஒரே பெயரில் பேசப்பட்டாலும் அவற்றின் உள்நிறம் வேறு வேறு. தோதகத்தி என்றும் அழைக்கப்படும் ஈட்டியின் பழுப்பில் ஊதாவும் சிவப்பும் கலந்திருக்கும், இடையிடையே கறுப்பு வரிகள் ஓடும். தேக்கின் பழுப்போ தேன் நிறத்தைச் சேர்ந்தது, அதற்கு அடியில் மஞ்சளும் ஆரஞ்சும் இருக்கும். ஆனால் ஐம்பது அறுபது ஆண்டுகளாக அரக்கு பாலிஷ் ஏறிய தேக்கு சிவந்து கறுத்துப்போய் ஈட்டியைப் போலவே காட்சியளிப்பதால், கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காலை பத்து மணிக்கு ஜன்னல் வெளிச்சத்தில், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை மரத்தின் மேல் ஒட்டினாற்போல் பிடித்துப் பாருங்கள். தாளின் ஓரத்தில் மரம் ஊதாப் பக்கம் சாய்கிறதா, மஞ்சள் பக்கம் சாய்கிறதா என்பது அப்போது தெளிவாகத் தெரியும். கைப்பேசியில் படம் எடுத்துக் கடையில் காட்டுவதால் பயனில்லை, ஏனெனில் கேமரா தன் கணக்குக்கு வெளிச்சத்தைத் திருத்திக்கொண்டுதான் படத்தைத் தருகிறது. சாமான்களுக்கு மறுபடி பாலிஷ் போடும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். பழைய பாலிஷைச் சுரண்டி எடுத்த பிறகு எங்கள் சோபா இரண்டு படி வெளுத்துத் தெரிந்தது, அதற்கு முன் நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த நிறம் வீணாயிற்று.

எங்கள் ஹால் பதினான்குக்குப் பன்னிரண்டு அடி, உயரம் பத்தடி. ஜன்னல் மேற்குப் பார்த்தது. சோபா அதற்கு எதிரே கிழக்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. பீரோ வடக்குச் சுவரில் நிற்கிறது, அதன் கதவுகளில் கொடியும் அன்னமுமாகச் செதுக்கியிருப்பார்கள். முதல் முறை எல்லோரும் சொன்னபடி க்ரீம் அடித்தோம். காலையில் குறையொன்றும் தெரியவில்லை. நான்கு மணிக்கு மேல் மேற்கு வெயில் நேராகக் கிழக்குச் சுவரில் விழுந்ததும், மஞ்சள் சுவரும் மஞ்சள் உள்நிறம் கொண்ட தேக்கும் ஒன்றோடொன்று கரைந்து, சோபாவின் விளிம்பே தெரியாமல் போனது. நீங்கள் 'மங்கல்' என்று சொல்வது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அது வெளிச்சக் குறைவால் வருவதன்று, சுவரும் மரமும் ஒரே நிறக் குடும்பத்தில் அகப்பட்டுக்கொள்வதால் வருவது.

அந்த அனுபவத்துக்குப் பயந்து இரண்டாவது முறை மஞ்சளே இல்லாத இளம் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன். பகலில் சோபா நன்றாக எடுத்துக் காட்டியது. இரவில் டியூப் லைட்டைப் போட்டதும் சாம்பல் நிறம் நீலம் பாரித்தது, பீரோவோ கரிக்கட்டையைப் போல ஆகிவிட்டது. அன்னமும் கொடியும் எங்கே என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இதன் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் என்று அட்டையில் அச்சிட்ட வெள்ளை விளக்கு. அதன் ஒளியில் நீலம் மிகுதி, சிவப்பு குறைவு. ஈட்டிமரம் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதே கொஞ்சம் வெளிச்சம்தான், அதிலும் பெரும்பகுதி சிவப்பு. அந்தச் சிவப்பு விளக்கிலேயே போதிய அளவு இல்லாதபோது மரம் கறுப்பாகத் தெரிவதைத் தவிர வேறு வழியில்லை. 3000 அல்லது 4000 கெல்வின் விளக்குக்கு மாறினாலே பீரோவின் ஊதாச் சிவப்பு திரும்பி வந்துவிடும். விளக்கு வாங்கும்போது அட்டையில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பாருங்கள், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் எண் அது. சாதாரண விளக்குகளில் 80 என்று இருக்கும், 90 அல்லது அதற்கு மேல் உள்ளவை கிடைத்தால் மரத்துக்கு நல்லது. எங்கள் வீட்டில் 3000 கெல்வின் விளக்கைப் பெரியவர்கள் 'குண்டு பல்பு மாதிரி மஞ்சளாக இருக்கிறது' என்று ஒதுக்கிவிட்டார்கள், 4000 கெல்வினில் சமரசம் ஆயிற்று. சுவர் நிறத்தை அந்த விளக்கின் கீழ்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், விளக்கைப் பிறகு மாற்றினால் தேர்வும் மாறிப்போகும்.

வெள்ளை அடித்தால் சாமான்கள் கறுப்பாகத் தெரிகின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறங்கள் தனித்து நிற்பதில்லை, பக்கத்தில் இருப்பதை எதிர்த்திசையில் தள்ளுகின்றன. பாரிஸில் கோபலன் திரைச்சீலைத் தொழிற்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரூல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது என்று புகார் வந்தபோது, குறை சாயத்தில் இல்லை, அந்த நூலுக்குப் பக்கத்தில் வைத்த நிறத்தில்தான் இருக்கிறது என்று அவர் கண்டார். 1839-இல் இதை அவர் விதியாகவே எழுதி வெளியிட்டார். நம் ஹாலுக்கும் அதே கதைதான். பளிச்சென்ற வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த அடர் பழுப்பும் மேலும் இருண்டு தெரியும். பச்சைச் சாயல் உள்ள சுவர் மரத்தைச் சிவப்புப் பக்கம் தள்ளும், நீலச் சாயல் உள்ள சுவர் ஆரஞ்சுப் பக்கம் தள்ளும். ஆகவே ஈட்டிக்குச் சற்றே பச்சை கலந்த சாம்பல் வெள்ளை பொருந்தும், தேக்குக்கு லேசான நீலப்பச்சையும் பொருந்தும். இரண்டும் ஒரே அறையில் இருந்தால் முதலாவதே பாதுகாப்பு. ஊதாச் சாயலும் இளஞ்சிவப்பும் ஈட்டியின் அழகை உறிஞ்சிவிடும் என்பது என் தனிப்பட்ட கருத்து, மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கலாம்.

செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர்தானே இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். அது முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர், கடையில் வாங்கும் தூய வெள்ளை எமல்ஷனைப் போலக் கண்ணைப் பறிக்காது. வெளிச்சமும் முற்றத்தின் வழியாக மேலிருந்து இறங்குகிறது. அதே வெள்ளையை அடுக்குமாடி வீட்டின் பத்தடி உயர ஹாலில் டியூப் லைட்டின் கீழ் எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது வெளிர்மை. நிற அட்டைகளில் சில நிறுவனங்கள் எல்.ஆர்.வி. என்ற ஒரு எண்ணைப் போட்டிருப்பார்கள். சுவரில் விழும் ஒளியில் எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்பதை அது சொல்லும், கறுப்புக்குப் பூஜ்யம், வெள்ளைக்கு நூறு. அடர் மரம் இருக்கும் ஹாலுக்கு 60 முதல் 72 வரை உள்ள நிறங்கள் எனக்கு ஒத்துவந்தன. 80-ஐத் தாண்டினால் மரம் கத்தரித்து ஒட்டியதுபோல் தெரிகிறது, 50-க்குக் கீழே போனால் அறையே குறுகுகிறது. ஒரு சுவருக்கு மட்டும் கரும்பச்சை அடிக்க ஆசைப்பட்டால் அதைத் தேக்கின் பின்னால் அடியுங்கள், சுவரை விட மரம் வெளிர்ந்து நிற்பதால் அது எடுபடும். ஈட்டியின் பின்னால் அடித்தால் பீரோ இருக்கும் இடம் தெரியாது.

மூன்றாவது முறை நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். எல்.ஆர்.வி. 65-ஐ ஒட்டிய, பச்சை கலந்த சாம்பல் வெள்ளைகள் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் மிகச் சிறிய டப்பா ஒன்று வாங்கினேன். சுவரிலேயே பூசிப் பார்த்தால் பழைய நிறம் சுற்றிலும் நின்று கண்ணை ஏமாற்றும். அதனால் இரண்டடிக்கு இரண்டடி தடித்த அட்டைகளில், ஓரத்தில் வெள்ளை விடாமல், இரண்டு கோட் அடித்து ஒரு நாள் காயவிட்டேன். ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தபின் சற்று அடர்த்தியான நிறமும் தெரியும் என்பதால் இந்தக் காத்திருப்பு அவசியம். பிறகு அட்டைகளை ஒவ்வொன்றாகப் பீரோவின் பக்கவாட்டிலும் சோபாவின் முதுகிலும் நிமிர்த்தி வைத்து, காலை, மாலை நான்கரை, இரவு விளக்கு என மூன்று வேளையும் பார்த்தேன். தரையில் படுக்க வைத்துப் பார்த்தால் வெளிச்சம் வேறு கோணத்தில் விழும், அது கணக்கில் சேராது. ஒரு நிறம் மாலையில் பாசி பிடித்த சுவரைப் போல் ஆனது, இன்னொன்று இரவில் மருத்துவமனையை நினைவூட்டியது. மிஞ்சியதுதான் இப்போது சுவரில் இருக்கிறது. அன்னத்தின் கழுத்தில் உள்ள மெல்லிய கோடுகள் இரவிலும் தெரிகின்றன. நாலரை மணி வெயிலில் சோபா தனியாக நிற்கிறது.

அளவைப் பொறுத்தவரை, நான்கு சுவர்களும் சேர்ந்து 520 சதுர அடி, கதவு ஜன்னல் போக 450. எங்களுக்கு இரண்டு கோட்டுக்கு நான்கு லிட்டர் ஏறக்குறைய சரியாக இருந்தது. பட்டி பார்த்த புதுச் சுவராக இருந்தால் முதலில் ப்ரைமர் தனியாகக் கணக்கிட வேண்டும். நிறத்தைக் கடையில் இயந்திரத்திலேயே கலக்கச் சொல்லி, மூடியில் ஒட்டித் தரும் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்டெயினர் ஊற்றிக் கையால் கலக்கிவிடலாம் என்று பெயின்டர் சொன்னால் சம்மதிக்க வேண்டாம், பாதிச் சுவரில் பெயின்ட் தீர்ந்தால் இரண்டாவது வாளி அதே நிறத்தில் வராது. பளபளப்பு மிகுந்த பெயின்டும் வேண்டாம், பாலிஷ் போட்ட மரமே போதுமான பளபளப்பைத் தருகிறது, சுவர் அதோடு போட்டி போட்டால் இரண்டும் கெடும். கைபடும் இடங்களில் மட்டும் கழுவக்கூடிய மென்பளபளப்பு வகையை அடித்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் சாமான்களை உடனே சுவரோடு ஒட்டித் தள்ளாமல், ஒரு வாரமாவது நான்கு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். முழுதும் இறுகாத எமல்ஷன் அரக்கு பாலிஷில் ஒட்டிக்கொண்டு, பிறகு நகர்த்தும்போது இரண்டிலும் உரிந்து வரும். எங்கள் சோபாவின் முதுகில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சுவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம்.