இன்ஸ்டால் கேம்பெயினில் 4 மடங்கு வருமானம், ஆனால் கையில் பணம் இல்லை

“எங்கள் உணவு டெலிவரி ஆப்பை இன்ஸ்டால் செய்யவைக்கும் விளம்பரத்துக்கு 1,00,000 செலவு செய்தோம், 500 பேர் முதல் ஆர்டர் போட்டார்கள். 30 நாளில் மொத்தம் 1,000 ஆர்டர், சராசரி 400. விளம்பரச் செலவுக்கு எத்தனை மடங்கு வருமானம் என்று சொல்லும் ROAS 4 வருகிறது. பிறகு ஏன் நஷ்டம்?”

அந்த 4,00,000 முழுவதும் உங்கள் பணம் இல்லை, பெரும்பகுதி உணவகத்துக்குப் போகிறது. கமிஷனும் டெலிவரி கட்டணமும் சேர்த்து ஓர் ஆர்டருக்கு உங்களிடம் 120 நிற்கிறது என்று வையுங்கள். டெலிவரி ஆளுக்கும் பேமெண்ட் கட்டணத்துக்கும் 60 போனால் மீதி 60. ஆக, 1,000 ஆர்டருக்கு 60,000. முதல் ஆர்டருக்கு 100 கூப்பன் கொடுத்திருந்தால் 500 பேருக்கு 50,000 கழியும். மிஞ்சுவது 10,000தான். அப்படியானால் உண்மையான ROAS 0.1.

இதற்காக உடனே கேம்பெயினை நிறுத்த வேண்டாம். போட்ட காசு திரும்ப இன்னும் 90,000 வேண்டும். கூப்பன் இல்லாத ஆர்டர் ஒன்றுக்கு 60 என்றால் 1,500 ஆர்டர், அதாவது ஆளுக்கு இன்னும் மூன்று. அது வருமா என்பதுதான் கேள்வி. இன்ஸ்டால் செய்த வாரப்படி ஆட்களைப் பிரித்து, 30, 60, 90 நாளில் ஆளுக்கு எத்தனை ஆர்டர் என்று பாருங்கள். பழைய வாரத்து ஆட்கள் 60 நாளுக்குப் பிறகு ஆர்டர் போடுவதையே நிறுத்திவிட்டால், இவர்களும் அப்படித்தான் போவார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், அந்த 500 பேரின் போன் நம்பரைப் பழைய கணக்குகளோடு ஒப்பிடுங்கள். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டவர்களும் புது இன்ஸ்டாலாக எண்ணப்பட்டிருக்கலாம். அவர்களின் ஆர்டரை இந்த விளம்பரத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள்.